பெரிய தையல் ஓடருக்குப் பகுதி பகுதியாகக் காசு கேட்கும் மெசேஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட நான்கு மெசினோடு ஒரு சின்னத் தையல் கடை நடத்துகிறேன். வருமானத்தில் பாதி கலியாண ஓடர்களில் வருவது. தெரிந்த கடைக்காரர்கள் தாங்கள் எழுதிய மெசேஜைக் காட்டி, "இதை ஒருக்காப் பாத்துத் திருத்தித் தா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே. கணக்குக் குழம்பாமல் இருக்க, எல்லாப் பதிலுக்கும் ஒரே ஓடரையே எடுத்துக்கொள்கிறேன்: செப்டெம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை கலியாணம், பொம்பிளை வீட்டார் தந்த ஓடர், மொத்தம் 230,000 ரூபா.

"காசைப் பகுதி பகுதியாத் தரச்சொல்லி மெசேஜ் போட்டனான். பொம்பிளையின்ர அம்மா 'பாத்திட்டுச் சொல்லுறன்' எண்டவ. பிறகு ஒரு கதையும் இல்லை. என்ன பிழை?"

அனுப்பிய மெசேஜ் இது:

> வணக்கம் அன்ரி. உங்கட ஓடர் பெரிசு எண்டபடியா முழுக்காசும் கடைசியில வாங்க ஏலாது. 40% அட்வான்ஸ் தரவேணும். பிறகு ஒவ்வொரு ஃபிட் ஒன்னுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத் தாங்கோ. மிச்சம் உடுப்பு எடுக்கேக்க. காசு பிந்தினா வேலையும் பிந்தும். தந்த காசு திருப்பித் தரமாட்டம். நன்றி.

அந்த அம்மாவின் இடத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள். முதல் வரியிலேயே நம்முடைய பயம் தெரிகிறது. பிறகு 40% என்கிறோம், ஆனால் மொத்தத் தொகை எங்கேயும் இல்லை. கடையில் வாயால் சொன்னதை அவர் நினைவில் வைத்துக் கணக்குப் போட வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமா" என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். உடுப்பைப் போட்டுப் பார்க்கும் ஃபிட் ஒன் நாளுக்கு அவர் 5,000 ரூபாவோடு வருவார், நீங்கள் 50,000 எதிர்பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இரண்டு பேரிலும் பிழை இல்லை, ஆனால் அன்றைக்கே முகம் கறுத்துவிடும். கடைசியில் இரண்டு மிரட்டல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன.

அவர் பதில் போடாததற்குக் காரணம் கோபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் கலியாணக் காசு ஒருவர் கையில் இருப்பதில்லை. கொஞ்சம் தகப்பனின் வைப்பில் இருக்கும், கொஞ்சம் சீட்டு எடுத்தால் வரும், மிச்சம் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் தமையன் அனுப்ப வேண்டும். எந்தத் திகதிக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்த அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்கலாம். இந்த மெசேஜை அப்படியே தமையனுக்கு அனுப்பினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே நான் எந்த மெசேஜையும் முதலில் இப்படித்தான் பார்ப்பது: வாங்கியவர் ஒரு சொல்லும் சேர்க்காமல் இதைக் காசு தருபவருக்கு அனுப்பலாமா? முடியாதென்றால் இன்னும் எழுதி முடியவில்லை.

"அப்ப எந்த நாளுக்கு எவ்வளவு எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? நாலாப் பிரிச்சுச் சரிக்குச் சரியாக் கேக்கலாமோ?"

சரிக்குச் சரி என்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும், ஆனால் தையல் வேலையில் செலவு அப்படி வருவதில்லை. இந்த ஓடரையே பாருங்கள். கூறைக்குப் போடும் ஆரி வேலைச் சட்டை 38,000. வரவேற்புக்கு லெஹெங்கா 85,000. தோழிகள் ஐந்து பேருக்கு ஆளுக்கு 16,000 படி 80,000. அம்மாவுக்கும் மாமிக்கும் சாறிச் சட்டை 6,500 படி 13,000. சின்னப் பிள்ளைகள் இருவருக்குப் பாவாடை சட்டை 7,000 படி 14,000. கூட்டினால் 230,000.

இதில் துணி, லைனிங், மணி, நூல் எல்லாம் 92,000. ஆரிக்காரருக்கு 40,000. தைப்பவர்களின் கூலி 45,000. மிஞ்சும் 53,000இல்தான் கடை வாடகை, கரண்ட் பில், என் உழைப்பு. 92,000 முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே போய்விடும். நான்காகப் பிரித்து 57,500 படி வாங்கினால், மாதிரிச் சட்டை வெட்டித் தைக்கும் கூலி 8,000ஐயும் சேர்த்து முதல் இரண்டு கிழமைக்கு வேண்டிய 100,000இல் 42,500 ரூபா என் கையைக் கடிக்கும். அந்த ஓட்டையை இன்னொரு வீட்டின் அட்வான்ஸை எடுத்து அடைப்பேன், பிறகு அந்த வீட்டின் துணிக்குக் காசு இருக்காது. கடைகள் நொடிப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். வேலை குறைந்து மூடிய கடையை விட, வேலை கூடி மூடிய கடையையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு கொப்பியில் ஃபிட் ஒன் நாட்களை வரிசையாக எழுதி, ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் இடையில் கையை விட்டு எவ்வளவு போகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகைதான் அன்றைக்குக் கேட்க வேண்டியது.

அளவு எடுக்கும் யூலை 11 தொடக்கம் முதல் ஃபிட் ஒன் யூலை 25 வரை மேலே சொன்ன 100,000 போகிறது. அதை அளவெடுக்கும் நாளிலேயே கேட்கிறேன். யூலை 25இல் இருந்து ஓகஸ்ட் 15 வரை ஆரிக்கு 40,000, அரைத் தையலுக்கு 15,000. ஆகவே முதல் ஃபிட் ஒன்னில் 55,000. ஓகஸ்ட் 15இல் இருந்து செப்டெம்பர் 5 வரை மிச்சத் தையற்கூலி 22,000தான், ஆனால் அங்கே 45,000 கேட்கிறேன். என் பங்கில் 23,000 அதில் வருகிறது. கடைசி நாள் 30,000, அது முழுக்க என் பங்கு.

முதல் ஃபிட் ஒன்னில் ஏன் அவ்வளவு என்று சிலர் கேட்பார்கள். ஆரி வேலை வெட்டாத துணியில் நடப்பது. சட்டையின் கழுத்து, தோள், கை எல்லாவற்றையும் துணியில் கோடாகக் கீறி, அதை ஃபிரேமில் இழுத்துக் கட்டி, கோட்டுக்குள் வேலை செய்வார்கள். முடிந்த பிறகுதான் கத்தரிக்கோல். பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி உள்ளே விட்டிருந்தால் உடம்பைக் கொஞ்சம் இளக்கலாம், பிடிக்கலாம். கழுத்தின் இறக்கத்தையும் தோளின் அகலத்தையும் தொட முடியாது, மணி கட்டிய கோடு அங்கேயே நிற்கும். அதனால்தான் முதலில் சாதாரணப் பருத்தித் துணியில் ஒரு மாதிரிச் சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கிறோம். அந்த நாள் அவர்களுக்கும் மனம் மாற்றக் கடைசி நாள், எங்களுக்கும் பெரிய செலவுக்கு முதல்நாள். காசு அங்கே நிற்பது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்.

"சரி, அந்த மெசேஜைத் திருத்தி எழுதினா எப்பிடி இருக்கும்?"

> வணக்கம் அன்ரி. கடையில கதைச்சபடி மகளின்ர கலியாண உடுப்பு விபரம் முழுக்க இதில இருக்கு.
>
> கூறைச் சட்டை (ஆரி) 1: 38,000
> லெஹெங்கா 1: 85,000
> தோழியளின்ர உடுப்பு 5: 80,000
> அம்மா, மாமி சாறிச் சட்டை 2: 13,000
> பிள்ளையளின்ர பாவாடை சட்டை 2: 14,000
> மொத்தம் 230,000 ரூபா. துணி, லைனிங், ஆரி, தையற்கூலி எல்லாம் இதுக்குள்ள அடக்கம்.
>
> காசை நாலு தரமாத் தரலாம்.
>
> யூலை 11 சனி, அளவு எடுக்கிற நாள்: 100,000. நீங்கள் தெரிஞ்செடுத்த துணியெல்லாம் அடுத்த கிழமை வாங்குவம்.
>
> யூலை 25 சனி, முதலாம் ஃபிட் ஒன்: 55,000. சாதாரணத் துணியில தைச்ச மாதிரிச் சட்டையை மகள் போட்டுப் பாப்பா. கழுத்தும் கையும் சரியெண்டு அவ சொன்னாப் பிறகு ஆரி வேலை தொடங்கும்.
>
> ஓகஸ்ட் 15 சனி, இரண்டாம் ஃபிட் ஒன்: 45,000. ஆரி முடிஞ்ச சட்டையும் லெஹெங்காவும் அரைத் தையலில இருக்கும். தோழியள் ஐஞ்சு பேரும் வந்தா நல்லது. அண்டைக்குப் போடுற செருப்பைக் கொண்டு வாங்கோ.
>
> செப்டெம்பர் 5 சனி, கடைசி ஃபிட் ஒன்: 30,000. எல்லாத்தையும் போட்டுப் பாத்து, சரியெண்டாக் கையோட கொண்டு போகலாம். கலியாணத்துக்கு 8 நாள் இருக்கிறபடியா சின்னத் திருத்தம் இருந்தாலும் செய்து தருவம்.
>
> ஒவ்வொரு தரமும் பற்றுச்சீட்டு தருவம். தந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு எண்டு அதில இருக்கும். நாள் ஏதும் மாத்தவேணும் எண்டால் இப்பவே சொல்லுங்கோ. எல்லாம் ஓம் எண்டால் "சரி" எண்டு போட்டுவிடுங்கோ, சனிக்கிழமைக்கு நேரம் ஒதுக்கி வைக்கிறன்.

நீளம்தான். பெரிய ஓடருக்கு ஒருமுறை நீளமாக எழுதுவதால், பிறகு எழுதுவதெல்லாம் இரண்டு வரியில் முடியும். எங்கள் செலவுக் கணக்கு ஒன்றும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆரிக்காரருக்கு 40,000 கொடுக்கிறேன் என்பது என் கொப்பியில் இருக்க வேண்டியது. மெசேஜில் எழுதினால் "அங்க நேரே குடுத்தா எவ்வளவு?" என்ற பேச்சுத்தான் வரும். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் நிற்பது அன்றைக்கு அவர் கண்ணால் காணப்போகும் ஒன்று. காசையும் கண்டதையும் ஒன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

செருப்பைப் பற்றிய வரி சும்மா வந்ததில்லை. லெஹெங்காவின் நீளம் குதியின் உயரத்தைப் பொறுத்தது. வீட்டுச் செருப்போடு வந்து அளந்தால் கலியாண நாளில் கரை இரண்டு அங்குலம் தூக்கி நிற்கும். அன்றைக்குப் போடும் உள்ளாடையோடு வரச் சொல்வதும் இதே மாதிரி அவசியம். அதை அம்மாவுக்கான மெசேஜில் எழுதாமல் மகளிடம் நேரே சொல்லிவிடுவேன்.

திகதியோடு கிழமையையும் எழுதுங்கள். "வாற சனி" என்று எழுதிவிட்டு, அது நாளையா எட்டாம் நாளா என்று தெரியாமல் ஒரு வீட்டார் கடை வாசலில் வந்து நின்றதுண்டு. வங்கிக் கணக்கு இலக்கத்தை இந்த நீள மெசேஜுக்குள் போடாமல், இலக்கம் மட்டும் தனி மெசேஜாக அனுப்புங்கள். விரலால் அழுத்திப் பிடித்துக் கொப்பி பண்ணச் சுகம். கணக்கு யார் பெயரில் என்பதை அடுத்த மெசேஜில் அனுப்பலாம்.

"'தரலாம்' எண்டு போட்டா, தராமலும் விடலாம் எண்டு நினைக்க மாட்டினமோ?"

நாள், தொகை, அன்றைக்கு நடக்கும் வேலை மூன்றும் பக்கத்தில் இருக்கும்போது யாரும் அப்படி நினைத்ததில்லை. தொகை தெளிவாக இல்லாத மெசேஜில்தான் "கட்டாயம்", "தரவேணும்" எல்லாம் தேவைப்படுகிறது.

"முதலாம் ஃபிட் ஒன்னுக்கு வந்திட்டினம், ஆனா காசு கொண்டு வரேல்லை. போட்டுப் பாக்க விடுறதோ, திருப்பி அனுப்புறதோ?"

போட்டுப் பார்க்க விடுங்கள். பருத்தித்துறையில் இருந்து பஸ் ஏறி வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டோடு உறவு அன்றோடு முடிந்தது. தோழிகள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது காசுக் கதையை எடுக்கவும் வேண்டாம். அன்றைய ஃபிட் ஒன்னுக்கான செலவு ஏற்கெனவே தந்த 100,000இல் அடங்கிவிட்டது, நமக்கு இன்னும் நட்டம் ஒன்றும் இல்லை. நிற்க வேண்டியது அடுத்த வேலை. அதை அன்றிரவு அமைதியாக எழுதலாம்:

> அன்ரி, மகளுக்கு மாதிரிச் சட்டை நல்லா அமைஞ்சிருக்கு. கழுத்தை அரை அங்குலம் ஏத்தச் சொன்னவ, குறிச்சு வைச்சிருக்கிறன். இண்டைக்கு வரவேண்டிய 55,000 புதன்கிழமை, யூலை 29க்குள்ள கிடைச்சா ஆரிக்குக் குடுத்திடுவன். அவையளுக்கு 14 நாள் வேணும். அப்பதான் ஓகஸ்ட் 15 ஃபிட் ஒன் சொன்ன நாளில நடக்கும்.

"காசு பிந்தினா வேலையும் பிந்தும்" என்ற அதே விஷயம்தான் இது. ஆனால் 29உம் 14 நாளும் சேர்ந்தால் ஓகஸ்ட் 12 என்பதை அவரே கணக்குப் பார்க்கலாம். ஆரிக்காரருக்கு வேறு ஓடர்களும் இருக்கும், ஃபிரேம் காலியாகக் காத்திருக்காது. புதன்கிழமையும் காசு வராவிட்டால், இரண்டாம் ஃபிட் ஒன்னுக்குப் புது நாள் ஒன்றை நீங்களே எழுதி அனுப்புங்கள். மனமிரங்கிக் கைக்காசில் ஆரியைத் தொடங்க வேண்டாம். ஒருமுறை அப்படிச் செய்தால், மெசேஜில் எழுதிய மற்ற நாட்களையும் அவர்கள் சும்மா எழுதியது என்றே எடுப்பார்கள்.

"காசு அனுப்புறது கனடாவில இருக்கிற தமையன். ஆருக்கு மெசேஜ் போடுறது?"

ஓடர் தந்த அம்மாவுக்கே. அவரைத் தாண்டித் தமையனுக்கு நேரே எழுதினால், கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டோம் என்ற மனத்தாங்கல் வரும். அம்மாவே "அவனுக்கும் ஒருக்காப் போடுங்கோ" என்று இலக்கம் தந்தால் மட்டும், அதே மெசேஜை மாற்றாமல் அவருக்கும் அனுப்புங்கள். உடுப்புகளின் விபரமும் சேர்ந்தே போகட்டும். தங்கச்சிக்கு என்ன தைக்கிறார்கள் என்று தெரிந்தால் தொகையைப் பற்றிக் கேள்வி வராது.

அப்படியான வீட்டுக்கு ஒரு வசனம் கூட்ட வேண்டும்: "வெளிநாட்டுக் காசு எண்டால் குறிச்ச நாளுக்கு ஐஞ்சு நாள் முதல் அனுப்பினாச் சுகம்." அனுப்பிய நாளும் இங்கே கணக்கில் விழுந்த நாளும் ஒன்றல்ல. அனுப்பிய சிலிப்பின் படத்தைக் காட்டிவிட்டு "போட்டாச்சு" என்பார்கள், கணக்கைப் பார்த்தால் ஒன்றும் இராது. அவர்களும் பொய் சொல்லவில்லை, இடையில் சனி ஞாயிறு வந்திருக்கும். தொகையை ரூபாவிலேயே எழுதுங்கள். டொலரில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், மாற்று வீதம் இறங்கும்போது அந்தக் குறையை யார் தாங்குவது என்ற பிரச்சினை நம் தலையில் விழும்.

"துணி அவையளே வாங்கித் தந்தா?"

முதல் தொகை குறையும், மற்றவை அப்படியே. அளவெடுக்கும் நாளில் லைனிங், நூல், மாதிரிச் சட்டைக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள். துணியை வாங்கும்போது மீற்றரை அளந்து, கறையோ கிழிசலோ இருந்தால் அங்கேயே காட்டி, படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

"இடையில சித்திக்கு ஒரு சட்டை, பிறகு கையில இன்னும் கொஞ்சம் வேலை எண்டு கூட்டிக்கொண்டே போகினம். கடைசிக் கணக்கில சேர்க்கலாமோ?"

கடைசியில் சேர்த்தால் அந்த நாளின் 30,000 மெல்ல மெல்ல 60,000 ஆகிவிடும். அவர்களுக்கு அது திடீரென்று வந்த தொகை மாதிரித் தெரியும், "இவ்வளவு எப்ப சொன்னனீங்கள்?" என்பார்கள். கூட்டியதை எப்போதும் அடுத்து வரும் ஃபிட் ஒன்னோடு சேர்த்து, கூட்டிய அன்றைக்கே எழுதுங்கள்:

> அன்ரி, சித்தியின்ர சாறிச் சட்டை 6,500 சேர்த்திருக்கிறன். ஓகஸ்ட் 15 தொகை 45,000, இப்ப 51,500 ஆகுது. மற்ற நாளெல்லாம் முந்தின மாதிரித்தான். புது மொத்தம் 236,500.

கூட்டியது எவ்வளவு, எந்த நாளோடு சேருகிறது, புது மொத்தம் எவ்வளவு என்ற மூன்றும் போதும். ஆரியில் கூட்டுவது மட்டும் வேறு கதை. முழங்கை வரை வேலை வேண்டும் என்று யூலை 25க்குப் பிறகு சொன்னால், காசு முழுக்கக் கையில் வந்த பிறகே ஆரிக்காரரிடம் சொல்வேன். ஃபிரேமில் இருந்து கழற்றிய துணியைத் திரும்பக் கட்டி வேலை செய்வது அவருக்கும் கரைச்சல், விலையும் கூடும்.

"கடைசித் தொகையை ஏன் இவ்வளவு குறைவா வைக்கிறீங்கள்? பெரிசா இருந்தாத்தானே உடுப்பு எடுக்கக் காசோட வருவினம்?"

நானும் முந்தி அப்படித்தான் நினைத்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஓடரில் 65,000 ரூபாவைக் கடைசி நாளுக்கு விட்டிருந்தேன். கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வந்து, "நாளைக்கு மண்டபத்தில வாங்கோ, தாறம்" என்றார்கள். விடிந்தால் முகூர்த்தம், கூறைச் சட்டை என் மேசையில். கொடுக்காமல் வைத்திருக்க என்னால் முடியுமா? அடுத்த நாள் மண்டப வாசலில் பட்டுச்சேலைக்காரர்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேட்க வாய் வராமல் சாப்பிடாமலே திரும்பினேன். காசு மூன்று மாதத்தில் நான்கு துண்டாக வந்தது.

உடுப்பைப் பிடித்து வைப்போம் என்பது எழுதலாம், செய்ய முடியாது. கலியாண உடுப்பை வைத்துக்கொண்டு நின்ற கடை என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிலேயே வலிகாமம் முழுக்கப் போய்விடும். ஆகவே கடைசித் தொகை, வராமல் போனாலும் என் கைக்காசு போகாத அளவில் இருக்க வேண்டும். என் பங்கு 53,000இல் 30,000தான் அங்கே நிற்கிறது. ஆரிக்காரருக்கும் தைத்தவர்களுக்கும் கொடுக்க வேண்டியதெல்லாம் ஓகஸ்ட் 15க்குள் வந்துவிட்டது.

அதற்காக ஒன்றும் விடாமல் முன்னமே வாங்கிவிடவும் கூடாது. கை இறுக்கமாக இருக்கிறது, ஊக்கு கழன்றது என்றால் நாங்கள் ஓடிவந்து செய்வோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கும் வேண்டும், அந்த 30,000 அதற்குப் பிணை. கடைசி ஃபிட் ஒன்னைக் கலியாணத்துக்கு எட்டு நாள் முன்னால் வைப்பதும் இதற்குத்தான். முதல்நாள் பின்னேரம் வைத்தால் இரண்டு பேருக்கும் வேறு வழி இல்லாமல் போய்விடும்.

"ஒவ்வொரு ஃபிட் ஒன்னுக்கும் முதல் ஞாபகப்படுத்தவேணுமோ?"

மூன்று நாள் முன்னால் ஒரு சின்ன மெசேஜ். முதலில் ஃபிட் ஒன், பிறகு காசு:

> அன்ரி, சனிக்கிழமை ஓகஸ்ட் 15 காலமை 10 மணிக்கு இரண்டாம் ஃபிட் ஒன். லெஹெங்கா அரைத் தையலில ஆயத்தம். செருப்பை மறக்காம கொண்டு வாங்கோ. அண்டைக்கு 51,500. இதுவரை தந்தது 155,000.

தந்ததையும் எழுதுங்கள். "தாங்கோ" என்று மட்டும் வரும் மெசேஜை விட, தந்ததை ஏற்றுக்கொண்டு வரும் மெசேஜுக்கு மரியாதை கூட. அவர்களின் கணக்கும் நம்முடையதும் ஒத்து வருகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆவணிக் கலியாணம் என்றால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இடையில் வரும் என்பதை மறக்க வேண்டாம். கோயிலைச் சுற்றி வீதி மூடியிருக்கும், பின்னேரம் யாரும் வரமாட்டார்கள், தைக்கிற பிள்ளைகளும் வேளைக்கே போய்விடுவார்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் ஃபிட் ஒன் வைத்தால் நீங்கள் மட்டும்தான் கடையில் இருப்பீர்கள். முதல் மெசேஜை எழுத முன்னர் கலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

"எங்கட பக்கம் பிந்தினா? ஆரிக்காரர் சுகமில்லாமக் கிடக்கிறார்."

காசுக்கும் நாள் எழுதியிருக்கிறோம், வேலைக்கும் எழுதியிருக்கிறோம். வேலை தள்ளினால் காசும் தள்ள வேண்டும். "ஆரி மூண்டு நாள் பிந்துது, ஃபிட் ஒன்னை ஓகஸ்ட் 18 செவ்வாய்க்கு மாத்துவம், 51,500ஐயும் அண்டைக்கே தாங்கோ" என்று நாமே முந்திக்கொண்டு எழுதிவிட வேண்டும். பிந்தியதை மறைத்துக்கொண்டு 15ஆம் திகதி காசை மட்டும் கேட்டால், அதற்குப் பிறகு நாம் எழுதும் எந்த நாளையும் நம்பமாட்டார்கள்.

"கலியாணம் தள்ளிப்போனா, நிண்டுபோனா? 'காசு திருப்பித் தரமாட்டம்' எண்டு முதலே எழுதாட்டி நட்டம்தானே?"

கலியாணம் பேசும் வீட்டுக்கு, நின்றுபோனால் என்று எழுதுவதே அபசகுனம். எழுதினால் அந்த ஒரு வரிதான் அவர்களின் கண்ணில் நிற்கும். நான் அதைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வசனமாக அச்சடித்து வைத்திருக்கிறேன், அளவெடுக்கும் நாளில் வாயாலும் சொல்வேன். வாங்கிய துணி உங்களுடையது. செய்து முடித்த வேலைக்குக் கூலி கழியும். மிச்சத்தைத் திருப்பித் தருவோம்.

தொகைகள் வேலையோடு சேர்ந்து நிற்பதால் கணக்கு இலகு. யூலை 25க்குப் பிறகு, ஆரி தொடங்க முன்னர் நின்றது என்று வையுங்கள். தந்தது 155,000. துணியும் சாமானும் 92,000, அதைக் கட்டிக் கையில் கொடுக்கிறேன். மாதிரிச் சட்டைக் கூலி 8,000. திருப்பிக் கொடுப்பது 55,000. ஆரி முடிந்த பிறகு நின்றிருந்தால் இன்னும் 40,000 கழியும், 15,000 திரும்பும், வேலை முடிந்த சட்டைத் துணியும் அவர்களுக்கே. 55,000ஐத் திருப்பிக் கொடுக்க மனம் வராதுதான். ஆனால் அந்தக் காசு நான் இன்னும் செய்யாத வேலைக்கு வந்தது.

தள்ளிப்போவது வேறு. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் செத்தவீட்டால் தள்ளிப்போகும். அப்படி என்றால் மெசேஜே வேண்டாம். குறித்த நாள் வந்தாலும் காசைக் கேட்காதீர்கள். நேரே போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து, புது நாள் வைத்து அவர்கள் கூப்பிட்ட பிறகு, புதுத் திகதிகளோடு அதே அட்டவணையைத் திரும்ப எழுதி அனுப்பலாம். உடம்பு அளவு மாறியிருக்கும், அளவை இன்னொருக்கா எடுங்கள்.

"சொந்தத்துக்குள்ள ஓடர். சித்தப்பாவின்ர மகளுக்கு இப்பிடித் திகதி போட்டு எழுதினா என்ன நினைப்பினம்?"

விலையில் குறைக்க விரும்பினால் குறையுங்கள், மெசேஜைக் குறைக்காதீர்கள். சொந்தக்காரரிடம்தான் "எப்ப தந்தனாங்கள், எவ்வளவு தந்தனாங்கள்" என்ற கதை அடுத்த கலியாணம் வரைக்கும் ஓடும். நான் தொடங்கும் வசனத்தை மட்டும் மாற்றுவேன்: "சித்தி, கடைக் கொப்பியில எழுதுற மாதிரியே உங்களுக்கும் எழுதி அனுப்புறன், எனக்கும் மறந்துபோகும்." அப்புறம் வருவதெல்லாம் மற்றவர்களுக்கு அனுப்பும் அதே வரிகள்தான்.